பைபேக் அறிவிப்பு வந்தால் பென்சிலை எடுங்கள்

1. பைபேக் என்றதும் பங்கு விலை ஏறுமா என்று கேட்காதீர்கள். முதலில் பணம் எங்கிருந்து போகிறது என்று பாருங்கள். டிசிஎஸ் 2017இல் ஒரு பங்குக்கு 2,850 ரூபாய் கொடுத்து 5.61 கோடிப் பங்குகளை வாங்கியது. கையிருப்பில் இருந்து 16,000 கோடி ரூபாய் வெளியேறியது. நிறுவனத்தின் நிகர மதிப்பும் அதே அளவு குறைந்தது. முகமதிப்பு 1 ரூபாய்தான் என்பதால் பங்கு மூலதனத்தில் குறைந்தது வெறும் 5.61 கோடி, மிச்சம் முழுவதும் ரிசர்வில் இருந்து போனது. லாப நஷ்டக் கணக்கில் இந்தச் செலவைத் தேடாதீர்கள், அங்கே இருக்காது.

2. இனி இபிஎஸ். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள், அதனால் நிதானமாகப் போவோம். 2016-17இல் டிசிஎஸ் லாபம் 26,289 கோடி. பங்குகள் 197.04 கோடி. வகுத்தால் பங்குக்கு 133.4 ரூபாய். பைபேக்குக்குப் பிறகு பங்குகள் 191.43 கோடி. அதே லாபத்தை வகுத்தால் 137.3 வருகிறது. கிட்டத்தட்ட 3 சதவீத ஏற்றம் என்று கைதட்டுவார்கள்.

ஆனால் லாபம் அதேதானா? அந்த 16,000 கோடி டெபாசிட்டில் கிடந்தால் வட்டி வந்திருக்கும். 7 சதவீதம் என்று என் கணக்குக்கு வைத்துக்கொள்கிறேன்: 1,120 கோடி. அதில் மூன்றில் ஒரு பங்கு வரி போனால் சுமார் 745 கோடி. லாபத்தில் அதைக் கழித்து 191.43 கோடியால் வகுங்கள். 133.4! புறப்பட்ட இடத்திலேயே நிற்கிறோம்.

காரணம் எளிது. 2,850 ரூபாய்க்கு வாங்கிய பங்கு 133 ரூபாய் லாபம் தருகிறது, அதாவது 4.7 சதவீதம். வரி போக வட்டியும் ஏறக்குறைய அதுவே. பங்கு தரும் சதவீதம் வரி போன வட்டியைவிட அதிகமாக இருக்கும்போதுதான் இபிஎஸ் உண்மையில் ஏறும். கடன் வாங்கி பைபேக் செய்தால், வரி போன கடன் வட்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

3. நிகர மதிப்பின் மீதான லாப சதவீதம் துள்ளி ஏறினால் மயங்காதீர்கள். வகுக்கும் எண் சுருங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

4. வாங்கிய பங்குகளை நம் நாட்டு நிறுவனம் பெட்டியில் வைத்திருக்க முடியாது. 2013 கம்பெனிச் சட்டப்படி பைபேக் முடிந்த ஏழு நாளில் அழித்துவிட வேண்டும். அமெரிக்காவில் பெரும்பாலும் கருவூலப் பங்குகளாக வைத்துக்கொள்ளலாம். அவற்றுக்கு டிவிடெண்ட் இல்லை, ஓட்டு இல்லை, இபிஎஸ் கணக்கிலும் வராது. ஆனால் அவை சொத்து அல்ல. வாங்கிய விலையில் மூலதனப் பகுதியில் கழித்துக் காட்டுவார்கள். பின்னாளில் கூடுதல் விலைக்கு விற்றாலும் அந்த வித்தியாசம் லாபமாகாது, மூலதனத்தில்தான் சேரும்.

5. மெக்டொனால்ட்ஸ் 2016 முதல் நிகர மதிப்பை மைனஸில் காட்டுகிறது. நஷ்டக் கம்பெனி அல்ல, நன்றாகவே சம்பாதிக்கிறது. கடனும் வாங்கிப் பங்குகளைத் திரும்ப வாங்கிக் குவித்ததன் விளைவு அது. இப்படிப்பட்ட கம்பெனியில் புத்தக மதிப்பை விட்டுவிட்டு, வட்டியைக் கட்டும் அளவுக்கு வருஷா வருஷம் பணம் வருகிறதா என்று பணப்புழக்க அறிக்கையில் பாருங்கள்.