களப்பு நீரில் பளபளப்பு ஏன் மறைகிறது?

கேள்வி: போலராய்ட் கண்ணாடி அணிந்தால் இலங்கைத்துறை முகத்துவாரத்தில் நீரின் அடி தெரிகிறது. நேர் கீழே பார்த்தால் மட்டும் வித்தியாசமே இல்லை. ஏன்?

- வாசகர், இலங்கைத்துறை

பதில்: நீர்ப்பரப்பில் விழும் ஒளியை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். படுகதிரும் நீருக்குச் செங்குத்தான கோடும் அமையும் தளம் படுதளம். ஒளியின் மின்புலம் அந்தத் தளத்துக்குள் அதிர்வது ஒரு வகை; அதற்குச் செங்குத்தாக, நீர்மட்டத்துக்குச் சமாந்தரமாக அதிர்வது மற்றது. இரண்டுக்கும் தெறிப்புக் குணகம் வேறு என்பதைப் பிரெனலின் சமன்பாடுகள் காட்டுகின்றன.

கடல்நீரின் முறிவுச் சுட்டி 1.34 என்றால், படுகோணம் ஏறத்தாழ 53 பாகையில் படுதள ஒளியின் தெறிப்பு பூச்சியம். மற்றதன் தெறிப்பு வீச்சம் 0.28 பங்கு, அதன் வர்க்கமான 8 சதவீதச் சக்தி பளபளப்பாகக் கண்ணுக்கு வருகிறது. அந்தக் கிடை அதிர்வைத்தான் உங்கள் கண்ணாடி தடுக்கிறது.

நேர் கீழே பார்க்கையில் இரு வகையும் சமமாக, 2 சதவீதமே தெறிக்கின்றன. பிரித்துத் தடுக்க எதுவும் இல்லை.

மாணவர்கள் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. அதே 53 பாகையில் கிடை அதிர்வின் ஊடுகடத்தல் குணகம் 0.715. அதை வர்க்கித்தால் 51 சதவீதம்தான் வரும். ஆனால் நீருக்குள் செல்வது 92 சதவீதம். நீரில் ஒளியின் வேகமும் கற்றையின் அகலமும் மாறுவதால், வர்க்கத்தை

(n cos θₜ) / (cos θᵢ)

ஆல் பெருக்க வேண்டும். இங்கே அது 1.8. தெறித்த 8, உட்சென்ற 92 இரண்டும் சேர்ந்து 100 வருகிறதா என்று பாருங்கள்; வராவிட்டால் இந்தக் காரணியை விட்டிருப்பீர்கள்.