குட்டைத் தண்ணீர் எங்கே போகிறது? ஷீட் வாங்கும் முன் அளந்து பாருங்க

கண்ணமங்கலம் பக்கம் மண் ஒரே மாதிரி இல்லை. நாகநதி ஓரத்தில் மணல் கலந்திருக்கும், மேட்டு நிலத்தில் செம்மண்ணுக்கு அடியில் சரளை வரும், ஏரிக்குக் கீழே களி. அதனால் பக்கத்து வயல்காரர் ஷீட் போட்டுவிட்டார் என்பதற்காக நாமும் போட வேண்டியதில்லை. முதலில் நம்ம குட்டை எவ்வளவு கசிகிறது என்று பார்ப்போம்.

குட்டை நிறைந்த உடனே அளக்காதீங்க. காய்ந்து கிடந்த கரை மண் முதல் பத்து நாள் தானே தண்ணீரைக் குடிக்கும். அதற்குப் பிறகு, மழை இல்லாத ஐந்தாறு நாள் போதும். அந்த நாட்களில் மோட்டார் போடக் கூடாது. சென்டிமீட்டர் கோடு போட்ட கம்பு ஒன்றைக் குட்டைக்குள் அசையாமல் நட்டு, தினமும் காலையில் காற்று எழும் முன் நீர்மட்டத்தைக் குறித்து வையுங்க.

குறைவது எல்லாமே கசிவு இல்லை, வெயிலும் எடுக்கும். அதைப் பிரிக்க, வாய் அகன்ற ஒரு டப்பைக் குட்டைக்குள்ளேயே கல் அடுக்கி உட்கார வைத்து, விளிம்புக்கு நாலு விரல் கீழே வரை தண்ணீர் ஊற்றுங்க. கரையில் வைத்தால் டப் சூடேறி அதிகமாக வற்றும், கணக்கு தப்பும். பறவை குடிக்காமல் மேலே அகலக் கண்ணி வலை கட்டணும். குட்டையில் குறைந்ததில் டப்பில் குறைந்ததைக் கழித்தால் மிச்சம்தான் கசிவு.

ஒரு கணக்குப் போடலாம். மேலே 20 மீட்டர் சதுரம், அடியில் 14 மீட்டர் சதுரம், ஆழம் 2 மீட்டர் உள்ள குட்டை. நீர் ஒன்றரை மீட்டர் நிற்கிறது. அதாவது சுமார் 4 லட்சம் லிட்டர். ஐந்து நாளில் குட்டை 11 சென்டிமீட்டர் இறங்கியது, டப் 2 சென்டிமீட்டர் இறங்கியது என்று வைத்துக்கொள்வோம். கசிவு 9 சென்டிமீட்டர், நாளுக்கு 18 மில்லிமீட்டர். நீர்ப்பரப்பு சுமார் 340 சதுர மீட்டர் என்பதால், நாளுக்கு 6,000 லிட்டருக்கு மேல் மண்ணுக்குள் போகிறது. இதைக் கேட்டதும் ஷீட் கடைக்குப் போகத் தோன்றும். கொஞ்சம் பொறுங்க.

கம்பைப் பிடுங்காமல் இன்னும் இரண்டு வாரம் பார்க்கணும். நீர் 1.1 மீட்டருக்கு வந்த பிறகு நாளுக்கு 8 மில்லிமீட்டர்தான் குறைகிறது, அதில் பாதி வெயில் எடுப்பது என்றால், அடிப்பகுதி நன்றாகவே பிடிக்கிறது. ஓட்டை அந்த மட்டத்துக்கு மேலே, சுவரில் இருக்கிறது: சரளைப் பட்டையோ, நண்டு வளையோ, மக்கிப்போன வேர்த் தடமோ. ஒரு நாள் அளவை மட்டும் பார்த்திருந்தால் இது தெரியவே தெரியாது.

இப்போது மூன்று வழியையும் ஒப்பிடுங்க. நிலக்கடலைக்கு ஒரு மாதம் கழித்துத் தண்ணீர் வேண்டும். ஒரு ஏக்கருக்கு 5 சென்டிமீட்டர் பாய்ச்ச 2 லட்சம் லிட்டர் தேவை. ஒன்றும் செய்யாவிட்டால் அன்றைக்கு சுமார் 2 லட்சத்து 40 ஆயிரம் இருக்கும். மேல் பட்டைக்கு மட்டும் களி பூசினால் 3 லட்சத்து 20 ஆயிரம். முழுக்க ஷீட் விரித்தால் 3 லட்சத்து 60 ஆயிரம். வெயில் எடுப்பதை ஷீட் தடுக்காதே! களியைவிட அது கூடுதலாகக் காப்பாற்றுவது வெறும் 40 ஆயிரம் லிட்டர். அதற்கு, கரை மடிப்பையும் சேர்த்து, 540 சதுர மீட்டர் ஷீட் வாங்கணும். என் தீர்ப்பு இங்கே களிதான்.

களிக்கு அனுமதி வாங்கி ஏரி வண்டல் எடுக்கலாம். ஈரமாக உருட்டினால் உடையாமல் பென்சில் கனத்துக்குத் திரி வரணும். வராத வண்டல் வயலுக்கு உரமாகட்டும், குட்டைக்கு வேண்டாம். சுவரைக் கொத்தி ஈரமாக்கி, வண்டலை இரண்டு மூன்று அடுக்காக வைத்து, ஒவ்வொன்றையும் திமிசு போட்டு இடித்து ஒரு சாண் கனம் கொண்டுவாங்க. நாலு பக்கமும் என்றால் எட்டு, ஒன்பது டிரெய்லர் பிடிக்கும். தனிக் களி நீர் இறங்கினதும் வெடித்துவிடும், பிறகு எல்லாம் வீண். அதனால் கொஞ்சம் செம்மண் கலந்து, மேலே புல் பிடிக்க விடுங்க. அடுத்த மழைக்குப் பிறகு மறுபடியும் கம்பு நட்டு அளக்கணும்.

ஷீட்டே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆற்றோர மணலில் நீர் கடைசி வரைக்கும் அதே வேகத்தில் இறங்கினால், களி கிடைக்கும் தூரத்திலும் இல்லை என்றால், 500 மைக்ரான் ஷீட்தான் வழி. விரிக்கும் முன் கூர்ங்கல்லும் வேரும் பொறுக்கணும், ஆடு மாடு இறங்காமல் வேலி போடணும். ஈரமான ஷீட்டில் கால் நிற்காது. விழுந்தவர் பிடித்து ஏற, முடிச்சுப் போட்ட கயிறு நாலு பக்கமும் தொங்கணும்.

இன்னொன்று: குட்டைக்குக் கீழே உங்க கிணறு இருந்தால், அதே நாட்களில் கிணற்று மட்டத்தையும் குறியுங்க. குட்டை இறங்கும்போது கிணறு ஏறுகிறதா, அல்லது பக்கத்துக் கிணறுகளைவிட மெதுவாக இறங்கினாலும் சரி, கசிந்த தண்ணீர் அங்கேதான் சேருகிறது. அந்தக் குட்டைக்குக் களிகூடப் பூச வேண்டாம்.