வரி ரசீது இருந்தால் இடம் சொந்தமா?

கேள்வி: மனையின் சொந்தக்காரர் வெளியூர் போய்விட்டார். 20 வருஷமாகக் குடியிருக்கிறோம். வீட்டு வரியும் எங்கள் பெயரில்தான். எதிரிடை அனுபவ உரிமை கேட்கலாமா?
– வாசகர், விராலிமலை

பதில்: "இருந்து பார்த்துக்கொள்ளுங்கள்" என்று அவரே விட்டுப்போனாரா? அப்படியானால் 50 வருஷம் இருந்தாலும் அது வெறும் அனுமதிதான். பிறகு என்றைக்காவது "இனி இது எங்களுடையது" என்று அவருக்குத் தெரியும்படி அவர் உரிமையை மறுத்திருந்தால், அன்றிலிருந்துதான் 1963 காலவரையறைச் சட்டத்தின் 12 வருஷம் ஓடும். அரசு நிலத்துக்கு 30.

அந்தத் தொடக்கத் தேதியில்தான் பலர் வழுக்குகிறார்கள். எப்போது, எப்படி நுழைந்தீர்கள், உரிமையாளருக்கு அது தெரியுமா, அனுபவம் பகிரங்கமாக இடைவிடாமல் நீடித்ததா என்பதையெல்லாம் நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும் என்று 2004-இல் கர்நாடக வக்ஃபு வாரிய வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வரி ரசீது நீங்கள் இருந்ததைக் காட்டும். அவர் உரிமையை மறுத்ததைக் காட்டாது.

அத்தனையும் கையில் இருந்தால், உச்ச நீதிமன்றத்தின் 2019 தீர்ப்புக்குப் பிறகு நீங்களே வாதியாக வழக்குப் போடலாம்.