மூலதனமாக ஏற்றும் முன் தேதியைக் கேளுங்கள்

ஆர்ட்டிகிள் சேர்ந்த புதிதில் இந்த லெட்ஜரை யாரும் உங்களிடம் கொடுக்க மாட்டார்கள். இரண்டாம் வருஷம் ஏதோ ஒரு கம்பெனியில் ‘உருவாக்கத்தில் உள்ள புலனாகாச் சொத்து’ என்ற தலைப்பு உங்கள் பங்குக்கு வந்து சேரும். பொருள் கண்ணில் படாது, எண்ணவும் முடியாது. அப்போது எங்கே கை வைப்பது என்று தெரிவதற்காக, நான் பார்த்த ஒரு கணக்கை வைத்துச் சொல்கிறேன். கோவைப் பக்கம் ஒரு பம்ப் கம்பெனி, பெயர் வேண்டாம். சோலார் பம்புக்கான கன்ட்ரோலரை வெளியில் வாங்குவதை நிறுத்திவிட்டுத் தாங்களே வடிவமைக்க இறங்கினார்கள். அந்த நிதியாண்டில் 3 கோடியே 60 லட்சம் ரூபாயைச் செலவில் காட்டாமல் சொத்தாக ஏற்றியிருந்தார்கள்.

1. வவுச்சர் சரியாக இருப்பதோடு நின்றுவிடாதீர்கள்.

பில் இருக்கும், ஜி.எஸ்.டி. சரியாக இருக்கும், பாங்கில் பணமும் போயிருக்கும். செலவு நடந்ததா என்பதில் இங்கே யாருக்கும் சந்தேகமில்லை. அது லாப நட்டக் கணக்கில் உட்கார வேண்டியதா, ஆஸ்திப் பக்கம் போக வேண்டியதா என்பதுதான் பிரச்சினை. அதனால் முதல் வேலையாக அந்தத் தொகையை வரிக்கு முந்தைய லாபத்தோடு ஒப்பிடுங்கள். இந்தக் கம்பெனியின் லாபம் 3 கோடியே 10 லட்சம். ஏற்றிய தொகை முழுவதும் செலவாகியிருந்தால் 50 லட்சம் நஷ்டம். பாங்கில் டேர்ம் லோன் வேறு இருந்தது. கணக்கு எழுதுகிறவர் மேல் எந்தப் பக்கம் இழுப்பு இருக்கும் என்பதைத் தெரிந்துகொண்டு உள்ளே போங்கள்.

2. ஆறு நிபந்தனைக்கும் ஆறு தேதி கேளுங்கள்.

ஏ.எஸ். 26 பொருந்தும் கம்பெனியானாலும் இண்ட் ஏ.எஸ். 38 பொருந்தும் கம்பெனியானாலும் நிபந்தனைகள் அதே ஆறுதான். பொருளைச் செய்து முடிப்பது தொழில்நுட்பப்படி சாத்தியம். முடிக்கும் எண்ணம் உண்டு. விற்கவோ பயன்படுத்தவோ முடியும். அதிலிருந்து வருமானம் எப்படி வரும் என்று காட்ட முடியும். முடிக்கத் தேவையான பணமும் ஆளும் இருக்கிறது. செலவைப் பிரித்து நம்பகமாக அளக்க முடியும். ஆறும் ஒருசேர நிறைவேற வேண்டும்.

பிள்ளைகள் செய்கிற தவறு, இதை ஒரு செக்லிஸ்ட்டாக எடுத்துக்கொண்டு மார்ச் 31 அன்று நின்றபடி ஆறுக்கும் ‘டிக்’ போடுவது. மார்ச்சில் எல்லாமே நிறைவேறியிருக்கலாம். ஏப்ரலில் நிறைவேறியிருந்ததா? ஆறில் கடைசியாக எது நிறைவேறியதோ அந்தத் தேதியிலிருந்து ஆகும் செலவு மட்டுமே சொத்து. அதற்கு முந்தையது, எவ்வளவு பெரிய தொகையானாலும், செலவு. இந்தக் கம்பெனியில் போர்டு தீர்மானம் ஜூன் 14. பாங்கு சேங்ஷன் கடிதம் ஆகஸ்ட் 22. கணக்கில் ஏற்றத் தொடங்கியதோ ஏப்ரல் 1. போர்டே முடிவெடுக்காத காலத்தில் ‘முடிக்கும் எண்ணம்’ யாருக்கு இருந்தது?

இன்னொன்று. ஏப்ரல், மே மாதங்களில் இன்ஜினியர்கள் மூன்று வகை சிப்பை வாங்கி எது ஒத்துவரும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாற்று வழிகளைத் தேடுவது ஆராய்ச்சிக் கட்டம். அதில் ஆன செலவு எந்நாளும் சொத்தாகாது. எது ஆராய்ச்சி, எது உருவாக்கம் என்று கம்பெனியால் பிரித்துக் காட்ட முடியாவிட்டால் முழுவதையும் ஆராய்ச்சியாகவே கொள்ள வேண்டும்.

3. தொழில்நுட்ப அறிக்கையை அக்கவுண்ட்ஸ் அறையில் உட்கார்ந்து படிக்காதீர்கள்.

ஆறில் கடினமானது முதலாவது. எங்களிடம் ஏப்ரல் 5 தேதியிட்ட ‘சாத்தியக்கூறு அறிக்கை’ ஒன்றைக் கொடுத்தார்கள். 14 பக்கம், கையெழுத்து, சீல் எல்லாம் இருந்தது. என்னோடு வந்த பெண் அதன் 11ஆம் பக்கத்தில் இருந்த படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஆசிலாஸ்கோப் திரையின் படம் அது. வலது மூலையில் பொடி எழுத்தில் தேதி தெரிந்தது: செப்டம்பர் 28. ஏப்ரலில் எழுதிய அறிக்கைக்குள் செப்டம்பரில் எடுத்த படம் எப்படி வரும்?

லேப்புக்கு நடந்து போனோம். அங்கே சீனியர் இன்ஜினியர் எதையும் மறைக்கவில்லை. முதல் இரண்டு மாதிரிகளிலும் மேகம் மறைத்து வெயில் திரும்பும்போது கன்ட்ரோலர் டிரிப் ஆனதாம். மூன்றாவது மாதிரிதான் செப்டம்பர் 28 அன்று முழுச் சுமையில் நின்றது. லேப் நோட்டில் அன்றைய பக்கத்தில் வெப்பநிலை அளவுகளோடு அவரே எழுதியிருந்தார். அறிக்கையை ஆடிட்டுக்கு முந்தின வாரம் டைப் செய்து தரச் சொல்லிக் கேட்டதாகவும் சொன்னார்.

இப்படி ஒன்று கிடைத்தால் அங்கேயே வாக்குவாதம் செய்யாதீர்கள். பக்கத்தை நகல் எடுத்துக்கொண்டு அன்றே பார்ட்னரிடம் சொல்லுங்கள். முன்தேதியிட்ட ஆவணம் என்பது இந்த ஒரு லெட்ஜரோடு முடிகிற விஷயமில்லை. மற்ற இடங்களில் அதே கையெழுத்தை எவ்வளவு நம்புவது என்பதையும் அவர் முடிவு செய்ய வேண்டும். நிர்வாகம் தரும் உறுதிமொழிக் கடிதம் இதற்கு ஈடாகாது. தொழில்நுட்பம் உங்களுக்குப் பிடிபடவில்லை என்றால் வெளி நிபுணரை வைத்துப் பார்க்கலாம். இங்கே லேப் நோட்டே போதுமானதாக இருந்தது.

நான் எப்போதும் இன்ஜினியரிடம் கேட்பது ஒரே கேள்வி: “எது இன்னும் சரியாகலை?” ‘சாத்தியமா’ என்று கேட்டால் யாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். சரியாகாததைக் கேட்டால் பட்டியல் வரும். அந்தப் பட்டியலில் அடிப்படை வடிவத்தையே மாற்ற வைக்கும் பழுது இருக்கிறதா என்று பாருங்கள்.

4. டைம்ஷீட்டை அட்டெண்டன்ஸோடு சேர்த்துப் பாருங்கள்.

செப்டம்பர் 28 என்று முடிவானதும் கணக்கை அக்டோபர் 1இலிருந்து எடுத்தோம். இடைப்பட்ட இரண்டு நாள் தொகை அற்பம். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான சம்பளம் 90 லட்சம், உதிரிபாகம் 38 லட்சம், சோதனைக் கட்டணம் 3 லட்சம், மொத்தம் 1 கோடியே 31 லட்சம் செலவுக்குப் போனது. அக்டோபருக்குப் பிந்தைய சம்பளம் 1 கோடியே 20 லட்சம். அதற்கு ஆதாரம் டைம்ஷீட்.

எல்லா இன்ஜினியரும் எல்லா நாளும் 8 மணி நேரம் கன்ட்ரோலர் வேலை பார்த்ததாக அதில் இருந்தது. ஆயுத பூஜை அன்றுகூட 8 மணி நேரம்! மிஷினுக்குப் பொட்டு வைத்துப் பொரி கொடுத்த நாள் அது. பயோமெட்ரிக்கில் அன்று யாருமே பஞ்ச் செய்யவில்லை. அப்புறம் சர்வீஸ் பிரிவின் புகார்ப் பதிவேட்டைக் கேட்டு வாங்கினோம். அதே இன்ஜினியர்களில் இரண்டு பேர் வாரக்கணக்கில் பழைய மாடல் பம்புகளின் வாரண்டி புகார்களுக்காக வெளியூரில் இருந்திருக்கிறார்கள். பயணப் படி வவுச்சர் அதை உறுதி செய்தது. அந்தப் பங்கு 22 லட்சத்தை வெளியே எடுத்தோம். கன்ட்ரோலருக்காகவே உழைத்தவர்களின் சம்பளமும் பி.எஃப். பங்களிப்பும் தாராளமாக உள்ளே இருக்கலாம். டைம்ஷீட் சொல்வதை வேறொரு பதிவேடும் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

5. கூடவே ஏறி வந்தவற்றை இறக்குங்கள்.

இது சுலபம். பயிற்சிச் செலவு 12 லட்சம், கண்காட்சிச் செலவு 18 லட்சம், இரண்டும் சொத்தில் சேராது. நிர்வாகச் செலவில் பங்காக 45 லட்சம் போட்டிருந்தார்கள். அதில் லேப்புக்கென்றே தனி ஒப்பந்தத்தில் எடுத்த இடத்தின் பின் அரையாண்டு வாடகை 4 லட்சத்தை மட்டும் விட்டோம். மீதம் எம்.டி. அலுவலகமும் கேன்டீனும்.

கடைசியில் நின்றது: சம்பளம் 98 லட்சம், உதிரிபாகம் 22, சோதனை 12, வாடகை 4. ஆக 1 கோடியே 36 லட்சம். 2 கோடியே 24 லட்சம் லாப நட்டக் கணக்குக்குத் திரும்பியது. லாபம் 86 லட்சமானது.

6. நின்ற தொகை திரும்பி வருமா என்று கணக்குப் போடுங்கள்.

பயன்பாட்டுக்கு வராத புலனாகாச் சொத்தை, மதிப்பு இறங்கியதற்கான அறிகுறி இருந்தாலும் இல்லாவிட்டாலும், வருஷத்துக்கு ஒரு முறை மதிப்பிறக்கச் சோதனைக்கு உட்படுத்த வேண்டும். கம்பெனியின் கணிப்பு ஆண்டுக்கு 4,000 கன்ட்ரோலர். முந்தைய வருஷம் அவர்கள் விற்ற சோலார் பம்போ மொத்தம் 900. அரசின் பி.எம்.-குசும் திட்டத்தில் தேவை இருக்கிறது என்றார்கள். திட்டம் இருப்பது வேறு, டெண்டர் கிடைப்பது வேறு.

அவர்களது கணிப்பை மறுத்துப் பேசிப் பயனில்லை. எத்தனை விற்றால் தப்பிக்கும் என்று தலைகீழாகப் போட்டோம். விற்பனைச் செலவு போக ஒரு கன்ட்ரோலருக்கு 4,000 ரூபாய் நிற்கும். ஆயுள் 5 வருஷம். முடிக்க இன்னும் 40 லட்சம் வேண்டும். 12 சதவீதத் தள்ளுபடியில், வருமானம் ஒவ்வொரு ஆண்டு முடிவிலும் வருவதாக வைத்தால், ஆண்டுக்கு சுமார் 1,220 விற்றால்தான் 1 கோடியே 36 லட்சம் நிற்கும். 900இலேயே இருந்தால் கிட்டத்தட்ட 46 லட்சம் இறக்க வேண்டியிருக்கும்.

அதற்குப் பிறகு கேட்க வேண்டியது ஒன்றே: 1,220க்கு என்ன ஆதாரம்? டீலர்கள் முன்பணத்தோடு கொடுத்த ஆர்டர்கள் முதலாண்டுக்கு 1,350 இருந்தன. முன்பணம் பாங்கில் வந்திருப்பதை ஒத்துப் பார்த்தோம். ஒப்புக்கொண்டோம், ஆனால் இடைவெளி குறுகல் என்று ஒர்க்கிங் பேப்பரில் எழுதி வைத்தோம். ‘ஆர்வமாக இருக்கிறோம்’ என்ற கடிதங்களும் ஒரு கட்டு இருந்தன. அவற்றைக் கணக்கில் எடுக்கவே இல்லை.

7. “அடுத்த வருஷம் சேர்த்துக்கொள்கிறோம்” என்பார்கள்.

செலவாகக் காட்டச் சம்மதிக்கும்போது சி.எஃப்.ஓ. வழக்கமாகச் சொல்வது இது. பொருள் வெற்றி பெற்றதும் பழைய செலவைச் சொத்தாகத் திருப்பிக்கொள்ளலாம் என்ற நினைப்பு. ஒரு வருஷக் கணக்கில் செலவாக எழுதியது பிறகு எந்த வருஷமும் சொத்தின் அடக்கத்தில் சேராது. அன்றே வாயால் சொல்லி, கடிதத்திலும் எழுதிவிடுங்கள்.

8. மறு வருஷம் வயதுப் பட்டியலிலிருந்து தொடங்குங்கள்.

2021 ஏப்ரல் முதல் ஷெட்யூல் 3 இந்தத் தலைப்புக்கு வயதுப் பட்டியல் கேட்கிறது. ஒரு வருஷத்துக்குள், ஒன்றிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து மூன்று, மூன்றுக்கு மேல் என்று பிரித்துக் காட்ட வேண்டும். நிறுத்தி வைத்த திட்டங்கள் தனி. கெடுவோ அடக்கமோ முதல் திட்டத்தைத் தாண்டியிருந்தால் எப்போது முடியும் என்றும் சொல்ல வேண்டும். ‘முதல் திட்டம்’ எது என்பதற்கு ஜூன் 14 போர்டு மினிட்ஸின் நகலைக் கோப்பில் வைத்திருங்கள். பிறகு திருத்திய பட்ஜெட்டைக் காட்டி, கெடு தாண்டவே இல்லை என்பார்கள். இதற்கு நேர்மாறான ஒன்றும் நடக்கும். கன்ட்ரோலர் விற்பனைக்குத் தயாரான பிறகும் ‘உருவாக்கத்தில்’ என்ற தலைப்பிலேயே வைத்துத் தேய்மானத்தைத் தள்ளிப்போடுவார்கள். தேய்மானம் தொடங்குவது பொருள் பயன்பாட்டுக்குத் தயாரான நாளில். அந்த நாளை அக்கவுண்ட்ஸில் கேட்க வேண்டாம். டிஸ்பேட்ச்சில் முதல் இன்வாய்ஸ் எப்போது போட்டார்கள் என்று பார்த்து, அங்கிருந்து பின்னோக்கிப் போங்கள்.