மாதச் சம்பளமா, நாள் கட்டணமா?
வரைகலை வடிவமைப்பாளரின் குடும்பம் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு

கிளைக்கு வரும் இளம் வாடிக்கையாளர்களில் சிலர், வேலையை விட்டு ஃப்ரீலான்ஸ் முறையில் தொழில் செய்யலாமா என்று கடன் பிரிவிலும் கேட்பதுண்டு. வரைகலை வடிவமைப்பாளர்களிடமிருந்து இக்கேள்வி அடிக்கடி வருகிறது. சின்னம், நூல் அட்டை, பொட்டலத்தின் மேலுறை, விளம்பரப் பலகை என அவர்கள் செய்யும் பணியை வீட்டிலிருந்தே செய்ய இயலும். வீட்டில் சிறு குழந்தை இருந்தால் அந்த விருப்பம் இன்னும் வலுப்பெறுகிறது. விருப்பம் நியாயமானதே. ஆனால் அதற்காகப் பெரும்பாலோர் போடும் கணக்கு பிழையானது. மாதச் சம்பளத்தை முப்பதால் வகுத்து, அதைவிடச் சற்றுக் கூடுதலான நாள் கட்டணம் கிடைத்தால் போதும் என்று எண்ணிவிடுகின்றனர். சரியான கணக்கை ஓர் எடுத்துக்காட்டின் வழியே காண்போம்.

சம்பளத்திற்குள் மறைந்திருப்பவை

பெங்களூரில் ஒரு விளம்பர நிறுவனத்தில் பணிபுரியும் 34 வயது வடிவமைப்பாளர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். மனைவியும் மூன்று வயதுக் குழந்தையும் அவர் வருமானத்தைச் சார்ந்திருக்கின்றனர். மாதச் சம்பளம் 60,000 ரூபாய். அதில் அடிப்படை ஊதியம் 30,000 ரூபாய். பணியில் சேர்ந்து நான்கு ஆண்டுகளும் நான்கு மாதங்களும் ஆகின்றன.

ஆண்டுச் சம்பளம் 7,20,000 ரூபாய். இதற்கு மேல், வருங்கால வைப்பு நிதிக்கு நிறுவனம் தன் பங்காக அடிப்படை ஊதியத்தில் 12 விழுக்காடு செலுத்துகிறது. அது ஆண்டுக்கு 43,200 ரூபாய். பணிக்கொடை, பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் ஊதியம் என்ற கணக்கில் சேர்கிறது. மாதத்தை 26 நாளாகக் கொள்வதால் அது ஏறத்தாழ 17,300 ரூபாய். குடும்பத்தின் மருத்துவக் காப்பீடு நிறுவனத்தின் செலவு. வைப்பு நிதியோடு இணைந்த காப்பீட்டுத் திட்டத்தின்படி, பணிக்காலத்தில் உறுப்பினர் இறந்தால் குடும்பத்திற்கு 7 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். வேலையை விட்டதும் இந்தப் பாதுகாப்புகள் நின்றுபோகும். இவற்றுக்கு ஈடாக மருத்துவக் காப்பீடு, ஆயுள் காப்பீடு ஆகியவற்றை அவரே எடுத்தால் ஆண்டுக்கு 36,000 ரூபாய் ஆகும் என்று கொள்வோம்.

அடுத்தது தொழிற்கருவிகள். கணினி, திரை, வடிவமைப்பு மென்பொருள்களின் சந்தா, எழுத்துருக்களின் உரிமம், இணையம், கணக்காளரின் கட்டணம் ஆகியவை இதுவரை அலுவலகத்தின் செலவு. கணினியின் விலையை நான்கு ஆண்டுகளுக்குப் பகிர்ந்து, மாதம் 10,000 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய் எனக் கொள்ளலாம்.

இவை அனைத்தையும் கூட்டினால் 9,36,500 ரூபாய் வருகிறது. இன்றைய நிலையிலேயே இருப்பதற்கு, ஆண்டுக்கு இவ்வளவு தொகைக்கு அவர் பட்டியல் அனுப்பியாக வேண்டும்.

எத்தனை நாள்களுக்குக் கட்டணம் கிடைக்கும்?

ஆண்டின் 365 நாள்களில் சனி, ஞாயிறு 104 நாள்கள். பண்டிகை விடுமுறை 12 நாள்கள். தம் உடல்நலக் குறைவு, குழந்தையின் காய்ச்சல், ஊருக்குச் செல்லுதல் ஆகியவற்றுக்கு 21 நாள்கள். எஞ்சுவது 228 நாள்கள். வேலையில் இருந்தபோது விடுமுறை நாளுக்கும் சம்பளம் வந்தது, இனி வராது.

இந்த 228 நாள்களிலும் முழுமையாக வடிவமைப்புப் பணி நடைபெறாது. புதிய வாடிக்கையாளரைச் சந்திப்பது, மதிப்பீடு எழுதுவது, மாதிரிகளைத் தொகுப்பது, நிலுவையைக் கேட்டுத் தொலைபேசியில் பேசுவது ஆகியவற்றுக்கு எவரும் கட்டணம் தருவதில்லை. மூன்றில் ஒரு பங்கு நேரம் இவற்றிலேயே கழிந்துவிடும் என்று கொள்வது மிகையாகாது. ஆகவே கட்டணம் பெறத்தக்க நாள்கள் ஏறத்தாழ 150.

9,36,500 ரூபாயை 150-ஆல் வகுத்தால் நாளொன்றுக்கு 6,243 ரூபாய். 6,250 ரூபாய் என்றே கொள்வோம். அவருடைய இன்றைய சம்பளத்தை மாதத்தின் 22 வேலை நாள்களால் வகுத்தால் நாளொன்றுக்கு 2,727 ரூபாய்தான். இரண்டு மடங்கிற்கும் மேலான கட்டணம் கேட்டால் மட்டுமே அவர் இப்போது நிற்கும் இடத்தில் நிற்க முடியும்.

மாறாக, நாளுக்கு 4,000 ரூபாய் கிடைப்பதை ஆதாயமாகக் கருதி அவர் வேலையை விட்டுவிட்டால் என்ன ஆகும்? 150 நாள்களுக்கு 6,00,000 ரூபாய் வரும். தொழிற்செலவும் காப்பீடும் போக 4,44,000 ரூபாய் எஞ்சும். மாதத்திற்கு 37,000 ரூபாய். வருங்காலத்திற்கான சேமிப்பையும் இதிலிருந்தே ஒதுக்க வேண்டும்.

இந்த நாள் கட்டணத்தை வாடிக்கையாளரிடம் அப்படியே சொல்ல வேண்டியதில்லை. பெரும்பாலான பணிகள் மொத்தத் தொகைக்கே பேசப்படுகின்றன. ஆனால் உள்ளளவில் இதுவே அளவுகோலாக இருக்க வேண்டும். 25,000 ரூபாய்க்கு ஒரு நிறுவனச் சின்னம் வடிவமைக்க ஒப்புக்கொண்டால், அது நான்கு நாள் பணி. திருத்தங்களுக்கு வரையறை இல்லாமல் அது ஏழு நாள்களாக நீண்டால், கட்டணம் நாளுக்கு 3,571 ரூபாயாகக் குறைந்துவிடுகிறது. எனவே எத்தனை மாதிரிகள், எத்தனை முறை திருத்தம், அதற்கு மேல் ஒவ்வொரு திருத்தத்திற்கும் எவ்வளவு என்பதை மதிப்பீட்டிலேயே எழுதிவிட வேண்டும். முன்பணமாக ஒரு பகுதியைப் பெறுவதும் அவசியம்.

பணம் எப்போது வரும்?

போதிய வருமானம் இருந்தும் திணறும் குடும்பங்களைக் கடன் பிரிவில் பார்க்கிறோம். காரணம், பணம் வரும் நாளுக்கும் செலவு வரும் நாளுக்கும் இடையே உள்ள இடைவெளி. ஜூன் மாத இறுதியில் கடைசிச் சம்பளத்தைப் பெற்று, ஜூலை மாதம் முழுதும் பணி செய்து, 31 அன்று பட்டியல் அனுப்புகிறார் என்று கொள்வோம். வாடிக்கையாளர் 45 நாள்களில் பணம் தந்தாலும் அது செப்டம்பர் மாத நடுவில்தான் வந்து சேரும். வீட்டுச் செலவு மாதம் 45,000 ரூபாய் என்றால், அதுவரை கையிலிருந்து 1,12,500 ரூபாய் கரைந்திருக்கும்.

வரும் பணமும் முழுமையாக வராது. ஒரே நிறுவனம் ஓராண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் தொழிற்கட்டணம் தந்தால், பொதுவாக 10 விழுக்காட்டை வரியாகப் பிடித்துக்கொண்டே தரும். நம் எடுத்துக்காட்டில் தொழிற்செலவு போக வருமானம் 8,16,500 ரூபாய். 2025-26 நிதியாண்டின் புதிய வரிமுறையில் 12 லட்சம் ரூபாய் வரையிலான வருமானத்திற்குத் தள்ளுபடி இருப்பதால் அவர் செலுத்த வேண்டிய வரி ஏதுமில்லை. ஆயினும் எல்லா வாடிக்கையாளர்களும் வரி பிடித்தால் ஆண்டுக்கு 93,000 ரூபாய்க்கு மேல் அரசிடம் தங்கிவிடும். நிதியாண்டு முடிந்து வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்த பின்னரே அது திரும்ப வரும். குறைந்த வரிப்பிடித்தத்திற்கான சான்றிதழுக்கு வருமான வரித் துறையிடம் விண்ணப்பிக்கும் வசதி உண்டு என்பதைப் பலர் அறியார்.

தாமதத்திற்குச் சட்டத்திலும் ஒரு மருந்து இருக்கிறது. உத்யம் தளத்தில் குறுந்தொழிலாகக் கட்டணமின்றிப் பதிவு செய்துகொண்டால், 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் சட்டத்தின்படி, பணம் தரும் கெடு 45 நாள்களுக்கு மேற்படக் கூடாது. தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டுவட்டி கோரலாம். முதல் பணியை ஏற்கும் முன்பே இப்பதிவைச் செய்துவிடுவது நலம்.

இருப்பினும் வழக்காடிப் பெறும் பணத்தைக் கொண்டு பள்ளிக் கட்டணம் செலுத்த முடியாது. ஆறு மாத வீட்டுச் செலவான 2,70,000 ரூபாயைத் தனி வைப்பாக ஒதுக்கிய பின்னரே வேலையை விட வேண்டும். பட்டியல் பணம் வந்து சேரத் தனிக் கணக்கு ஒன்றை வைத்துக்கொண்டு, அதிலிருந்து மாதத்தின் முதல் நாளில் ஒரே அளவான தொகையை வீட்டுக் கணக்கிற்கு மாற்றுவது நல்ல பழக்கம். நிறைய வந்த மாதத்தில் செலவு ஏறாமலும், வராத மாதத்தில் வீடு தவிக்காமலும் இது காக்கும்.

விலகும் நாளைத் தேர்ந்தெடுத்தல்

பணிக்கொடைக்குப் பொதுவாக ஐந்தாண்டு தொடர் பணி வேண்டும். நம் வடிவமைப்பாளர் இன்னும் எட்டு மாதம் பொறுத்தால் 86,538 ரூபாய் பெறுவார். இன்றே விலகினால் அதை இழப்பார்.

மருத்துவக் காப்பீட்டை வேலையில் இருக்கும்போதே தனியாக எடுத்துவிட வேண்டும். ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு மூன்றாண்டு வரை காத்திருப்புக் காலம் இருக்கலாம். மகப்பேற்றுச் செலவுக்கும் காத்திருப்புக் காலம் உண்டு. இரண்டாவது குழந்தையை எண்ணியிருக்கும் தம்பதியர் இதை முன்கூட்டியே கணக்கில் கொள்ள வேண்டும். குழுக் காப்பீட்டிலிருந்து அதே நிறுவனத்தின் தனிநபர் காப்பீட்டிற்கு மாற இயலுமா என்பதையும் விலகும் முன்னரே எழுத்து மூலம் கேட்டறியலாம்.

வீட்டுக் கடனைப் பற்றியும் கூற வேண்டும். சம்பளக்காரரிடம் வங்கி அண்மைச் சம்பளச் சீட்டுகளையும் படிவம் 16-ஐயும் கேட்கும். சுயதொழில் செய்பவரிடம் பொதுவாக இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளின் வருமான வரிக் கணக்குகளைக் கேட்கும். ஆகவே வேலையை விட்ட பின் அந்தக் காலம் வரை வீட்டுக் கடன் கிடைப்பது கடினம். வரியைக் குறைக்க வருமானத்தைக் குறைத்துக் காட்டுபவருக்குக் கடன் தகுதியும் அதே அளவில் குறையும். அதற்காக, விலகல் கடிதம் கொடுத்துவிட்டு அதை மறைத்துச் சம்பளக்காரராகக் கடன் கோருவது தவறு. மாதத் தவணையின் சுமையும் குடும்பத்தின் மீதே விழும்.

இந்த எட்டு மாதங்களை அவர் சோதனைக் காலமாகப் பயன்படுத்தலாம். பணி ஒப்பந்தம் வெளிப்பணியைத் தடை செய்கிறதா என்று பார்த்து, தேவையானால் நிறுவனத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி பெற்று, வார இறுதிகளில் சில பணிகளை ஏற்கலாம். ஒவ்வொரு பணிக்கும் செலவான மணிகளையும், வந்த தொகையையும், அது வந்து சேர்ந்த நாளையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிவர வேண்டும். எட்டு மாத முடிவில் நாள் கட்டணம் 6,250 ரூபாயை எட்டியிருந்து, குறைந்தது மூன்று வாடிக்கையாளர்கள் மீண்டும் பணி கொடுத்திருந்தால், விலகுவது கணக்கிற்குப் பொருந்தும். 4,000 ரூபாயிலேயே நின்றிருந்தால், அதே எட்டு மாத உழைப்பை மாதிரித் தொகுப்பாக்கிக்கொண்டு கூடுதல் சம்பளமுள்ள வேறு வேலையைத் தேடுவது குடும்பத்திற்கு உகந்தது. மனைவிக்கும் நிலையான சம்பளமும் குடும்பக் காப்பீடும் இருக்குமானால் தேவைப்படும் தொகை குறையும். அப்போது இதே கணக்கை அந்த எண்களைக் கொண்டு மீண்டும் போட்டுப் பார்க்க வேண்டும்.