ஒரே அச்சில் பல ஆண்டுகள்

ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில், காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடின் அளவு 1958 மார்ச் முதல் பதிவுசெய்யப்பட்டு வருகிறது. அப்பதிவுகளை ஒரே நெடுங்கோடாக வரைந்தால், இரம்பப் பற்களைப் போன்ற ஏற்ற இறக்கங்களுடன் கோடு மேலேறும். ஆனால், ஓராண்டின் மே மாதத்தை மற்றோர் ஆண்டின் மே மாதத்தோடு ஒப்பிடுதல் அரிது.

எனவே, கிடையச்சில் சனவரி முதல் டிசம்பர் வரை பன்னிரு மாதங்களை மட்டும் குறித்து, ஒவ்வோர் ஆண்டையும் அவ்வச்சின்மீதே தனிக்கோடாக வரைவோம். பொதுவாக, கோடுகள் மே மாதத்தில் உச்சம் தொட்டு, செப்டம்பரை ஒட்டித் தாழ்கின்றன. வட அரைக்கோளத்துத் தாவரங்கள் கோடையில் தழைத்து அவ்வளியை உட்கொள்வதே இத்தாழ்வுக்குக் காரணம். ஆண்டுதோறும் கோட்டின் வடிவம் பெரிதும் மாறவில்லை, உயரமே மாறுகிறது. 2013 மே மாத உச்சம், பத்து இலட்சம் பங்கில் ஏறத்தாழ 400 பங்கு. 2023 செப்டம்பரின் தாழ்நிலையோ ஏறத்தாழ 418. பத்தாண்டுகளுக்கு முந்தைய உச்சத்தையும் 2023இன் தாழ்நிலை விஞ்சிவிட்டது.

வரையும்போது இரு பிழைகளைத் தவிர்த்தல் வேண்டும். 1958 சனவரி, பிப்ரவரி மாதங்களுக்குப் பதிவில்லை. அவ்விடங்களைச் சுழியத்தால் நிரப்பினால், கோடு அடியிலிருந்து செங்குத்தாக எழும். அவற்றை வெற்றிடமாகவே விடுக. டிசம்பர்ப் புள்ளியை அடுத்த ஆண்டின் சனவரிப் புள்ளியோடு இணைத்தால், படத்தின் குறுக்கே பொருளற்ற கோடொன்று ஓடும். ஒவ்வொரு கோடும் டிசம்பரில் முடிதலே முறை.