செமினார் எடுக்கப் போகும் பிள்ளைகளுக்கு

வகுப்பில் வீடியோ போட்ட அன்று பாதிப் பேர் வரவில்லை, அவர்களுக்காக நீங்கள் எழுந்து நின்று சொல்ல வேண்டும். உங்களுக்குக் கிடைப்பது பத்து நிமிடம். கணக்கு வாத்தியாராக இருந்தவன் என்பதால் எனக்குப் பழகிய ஓர் உரையை வைத்தே சொல்கிறேன். எம்.ஐ.டி.யில் கில்பர்ட் ஸ்ட்ராங் 1999-இல் எடுத்த நேரியல் இயற்கணித வகுப்புகளில் முதலாவது அது. ஏறக்குறைய 40 நிமிடம் ஓடும்.

1. முதல் தடவை பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேளுங்கள். பேச்சு எந்த இடத்தில் திசை மாறுகிறதோ அந்த நிமிடத்தை மட்டும் ஒரு துண்டுச் சீட்டில் குறித்தால் போதும். இந்த உரையில் ஐந்தாறு இடம்தான் வரும்: இரண்டு சமன்பாடு, அவற்றைக் கோடுகளாகப் பார்ப்பது, நிரல்களாகப் பார்ப்பது, மூன்று சமன்பாடு, கடைசியில் அணியை வெக்டரால் பெருக்குவது. எடுத்த எடுப்பிலேயே எழுத ஆரம்பிக்கிற பிள்ளை முதல் பத்து நிமிடத்துக்கு நாலு பக்கம் எழுதும், கடைசிப் பத்து நிமிடத்துக்கு நாலு வரி எழுதும். பேசும்போதும் அதே அளவில்தான் பேசும்.

2. உரை எந்தக் கேள்விக்காக நடக்கிறது என்று தேடுங்கள். அது தலைப்பில் இருக்காது, தொடக்கத்திலும் இருக்காது. ஸ்ட்ராங் சமன்பாடுகளைத் தீர்த்துக் காட்ட வந்தவர்போல் ஆரம்பிக்கிறார். ஆனால் பாதிக்கு மேல் போன பிறகுதான் வந்த வேலையைச் சொல்கிறார்: வலப்பக்கத்தில் எந்த b-யைக் கொடுத்தாலும் Ax = b-க்குத் தீர்வு உண்டா? வேறு விதமாகச் சொன்னால், நிரல்களைத் தேவையான மடங்கில் எடுத்துக் கூட்டினால் வெளி முழுவதையும் எட்டிவிட முடியுமா? இந்த ஒரு வரியைச் சீட்டின் மேலே எழுதி வையுங்கள். சந்தேகம் இருந்தால் அந்த வரியை அடித்துவிட்டு மற்றதைப் படித்துப் பாருங்கள். மிச்சம் பத்தாம் வகுப்புப் பாடம்போல் ஆகிவிட்டால், அடித்தது சரியான வரிதான்.

3. நேரத்தை உரையின் விகிதப்படி பங்கு போடாதீர்கள். கோடுகள் வெட்டும் படம் எல்லாருக்கும் தெரிந்தது, அதற்கு ஒரு நிமிடம். மூன்று தளங்கள் ஒரு புள்ளியில் சந்திப்பதைப் போர்டில் வரையவே வேண்டாம். மூன்றாவது தளம் வரும்போது படம் குழம்பும், துடைத்துத் துடைத்து மூன்று நிமிடம் போய்விடும். “மூன்று சமன்பாடு என்றால் மூன்று தளம், வரைந்து பார்ப்பது கஷ்டம், அதனால்தான் வேறு வழியில் பார்க்கிறோம்” என்று வாயால் சொல்லிவிட்டு நகருங்கள். மிச்சமாகும் நேரம் அத்தனையும் அடுத்ததற்கு வேண்டும்.

4. ஒரு கணக்கை, ஒன்றே ஒன்றை, முழுசாகப் போர்டில் செய்யுங்கள். அவர் எடுத்த முதல் கணக்கே போதும்:

```
2x −  y = 0
−x + 2y = 3
```

x-இன் கெழுக்கள் (2, −1). y-இன் கெழுக்கள் (−1, 2). இந்த இரண்டு நிரல்களையும் இரண்டு அம்புகளாகப் பாருங்கள். வலப்பக்கம் (0, 3). முதல் அம்பை எத்தனை, இரண்டாவதை எத்தனை எடுத்துக் கூட்டினால் (0, 3)-க்குப் போய்ச் சேரலாம்? தொடக்கப் புள்ளியிலிருந்து வலப்பக்கம் இரண்டு, கீழே ஒன்று போங்கள். அங்கிருந்து இடப்பக்கம் ஒன்று, மேலே இரண்டு போனால் (1, 1). அதே அம்பை இன்னொரு தடவை போட்டால் (0, 3). முதல் அம்பு ஒன்று, இரண்டாவது இரண்டு, ஆக x = 1, y = 2. இதை வேகமாக வரையாதீர்கள். (1, 1)-இல் சாக்பீஸை நிறுத்திவிட்டு, “இன்னும் எத்தனை?” என்று கேளுங்கள். பின்பெஞ்சிலிருந்து யாராவது சொல்வார்கள். வராத பிள்ளைகளுக்கு உரையில் கிடைத்திருக்க வேண்டியதில் பாதி அந்த இடத்திலேயே கிடைத்துவிடும்.

உடனே மறுபக்கத்தையும் காட்டுங்கள். இரண்டாவது அம்பை அழித்துவிட்டு (−4, 2) என்று போடுங்கள். அது முதல் அம்பின் −2 மடங்கு. எப்படிக் கூட்டினாலும் ஒரே கோட்டில்தான் முன்னும் பின்னும் நடக்கலாம், (0, 3) கண்ணுக்கு எதிரே இருந்தும் எட்டாது. இந்த (−4, 2) என் சரக்கு, உரையில் உள்ளதல்ல. அங்கே அவர் மூன்று பரிமாணத்தில், ஒரு நிரல் மற்ற இரண்டின் கூட்டலாக இருந்தால் எல்லாம் ஒரே தளத்துக்குள் அடங்கிவிடும் என்று சொல்வார். நீங்கள் சேர்க்கிற உதாரணத்தை “இது நான் போட்டது” என்று சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் நாளைக்கு வீடியோவைப் பார்க்கிறவன் அதைத் தேடிக்கொண்டிருப்பான்.

5. போர்டிலிருந்து எழுதிய ஒவ்வோர் எண்ணையும் திரும்பப் போட்டுச் சரிபாருங்கள். பழைய பதிவில் கழித்தல் குறி மங்கலாகத் தெரியும், பேசுகிறவர் குறுக்கே நின்று மறைப்பதும் உண்டு. இது நானே பட்டது. அவருடைய மூன்று சமன்பாட்டுக் கணக்கு இது:

```
2x −  y      =  0
−x + 2y −  z = −1
   − 3y + 4z =  4
```

வலப்பக்கம் (0, −1, 4). z-இன் நிரலும் அதேதான். அதனால் கணக்கே போடாமல் x = 0, y = 0, z = 1 என்று கண்ணால் பார்த்தே சொல்லலாம், அதற்காகத்தான் அவர் அந்த எண்களை வைத்திருக்கிறார். நான் சீட்டில் −1-ஐ 1 என்று எழுதிக்கொண்டு போய்விட்டேன். “பார்த்தாலே தெரியும்” என்று பெருமையாகச் சொல்லிவிட்டுத் திரும்பினால் ஒருவருக்கும் தெரியவில்லை. ஒரு பெண் பொறுமையாகத் தீர்த்து, x = 4/3, y = 8/3, z = 3 என்றாள். அவள் கணக்கு சரி, என் சீட்டுதான் தப்பு. வகுப்புக் கணக்கில் எதிர்பாராமல் பின்னம் வந்தால் பெரும்பாலும் எழுதியதில் எங்கோ ஒரு குறி போயிருக்கும்.

6. உரை சொல்லாததைச் சொன்னதாகக் காட்டாதீர்கள். 1, 2 என்ற விடையை எப்படிக் கண்டுபிடிப்பது என்று இந்த உரையில் முறை எதுவும் கிடையாது. அது அடுத்த வகுப்பில் வரும் நீக்கல் முறை. யாராவது கேட்டால் “அது இரண்டாவது உரை” என்று சொல்லுங்கள். உங்களுக்கு நீக்கல் தெரியும் என்பதற்காக அங்கேயே ஆரம்பித்தால் பத்து நிமிடம் இருபதாகும், நிரல்கள் மறந்துபோகும்.

7. கடைசி இரண்டு நிமிடம் நீங்கள் பேச வேண்டாம், அவர்கள் செய்யட்டும். உரை முடிகிற இடத்தில் வரும் பெருக்கலையே கொடுங்கள்: மேல் நிரை 2, 5, கீழ் நிரை 1, 3 உள்ள அணியை (1, 2)-ஆல் பெருக்க வேண்டும். வலப்பக்க வரிசையில் உட்காருகிறவர்கள் பள்ளியில் படித்தபடி நிரை நிரையாகப் பெருக்கட்டும். இடப்பக்கத்தார் ஒரு (2, 1), இரண்டு (5, 3) என்று நிரல்களைக் கூட்டட்டும். இரண்டு பக்கமும் (12, 7) என்று வர வேண்டும். வராத பக்கத்துக்குப் போய் நோட்டைப் பாருங்கள், மணி அடித்தாலும் பரவாயில்லை.